‘சும்மா சாதாரணமா இரேன்’: ஒல்லாந்தரின் ஒரு சொல்லும் அதன் இரண்டு முகங்களும்

நெதர்லாந்தில் சொந்தபந்தம் உள்ளவர்கள் இந்தச் சொல்லை எப்போதாவது கேட்டிருப்பார்கள்: ‘டூ மார் ஹெவோன்’. ‘டூ’ என்றால் செய், நடந்துகொள். ‘ஹெவோன்’ என்றால் வழமையானது, சாதாரணமானது. நடுவில் வரும் ‘மார்’ கட்டளையின் கடுமையைக் குறைக்கும் சொல். நாம் ‘இரு’ என்று சொல்லாமல் ‘இரேன்’ என்று சொல்வதைப் போல. இதற்கு ஒரு வாலும் உண்டு: ‘அதுவே போதிய அளவு கிறுக்குத்தனம்தான்’. சாதாரணமாக இருந்தாலே மனிதன் பாதிக் கிறுக்கன், இதற்கு மேல் எதற்கு ஆட்டம் என்பது பொருள்.

புதுக் காரைப் பற்றி அளந்துகொண்டிருப்பவரிடமும், வகுப்பில் கூத்தடிக்கும் பிள்ளையிடமும் இதைச் சொல்வார்கள். புல்வெட்டும் மட்டத்துக்கு மேலே தலை நீட்டினால் தலை போகும் என்று இன்னொரு பேச்சும் அங்கே உண்டு. பிறந்தநாள் வீட்டுக்குப் போனால் வட்டமாகக் கதிரை போட்டிருப்பார்கள். ஒரு துண்டு கேக், ஒரு கோப்பை கோப்பி. சாமத்திய வீட்டுக்கு மண்டபம் பிடித்து ஊரையே அழைக்கும் நமக்கு அது கஞ்சத்தனமாகத் தெரியும். அவர்களுக்கு நம்முடையது எப்படித் தெரியும் என்று நாம் கேட்பதில்லை.

இந்தச் சொல்லின் நல்ல முகத்தைப் பார்க்க மார்க் ருட்டே போதும். 2010 முதல் 2024 வரை பிரதமராக இருந்தவர். 2017இல் புதிய அரசாங்கம் அமைவதைப் பற்றி மன்னரிடம் பேச சைக்கிளில் அரண்மனைக்குப் போனார். 2018இல் அரசாங்கக் கட்டடம் ஒன்றின் வாயிலில் கையிலிருந்த கோப்பியைக் கொட்டிவிட்டு, துடைப்பானை வாங்கித் தானே தரையைத் துடைத்தார். அங்கிருந்த துப்புரவுத் தொழிலாளர்கள் ஆரவாரம் செய்தார்கள். வாகனத் தொடரணிக்காக வீதியோரம் ஒதுங்கி நின்று பழகிய நமக்கு அந்தக் காணொளி வேறு உலகம். அதிகாரத்தில் இருப்பவனைப் பார்த்துச் சொல்லும்போது இந்தச் சொல் மிகவும் பெறுமதியானது.

ஆனால் அதே ருட்டே 2017 ஜனவரியில், பொதுத்தேர்தலுக்கு ஏழு வாரம் இருக்கும்போது, பத்திரிகைகளில் முழுப்பக்கக் கடிதம் ஒன்றை வெளியிட்டார். வீதியில் குப்பை கொட்டுவது, நடத்துனர்மீது துப்புவது என்று எவரும் மறுக்க முடியாத விஷயங்களோடு அது தொடங்குகிறது. பிறகு, இந்த நாட்டின் சுதந்திரத்துக்காக இங்கே வந்துவிட்டு இங்குள்ள வழக்கங்களை ஏற்க மறுப்பவர்களிடம் போகிறது. தன்பாலின உறவினரைத் தொந்தரவு செய்வதும், ‘சாதாரண நெதர்லாந்தரை’ இனவாதி என்று சொல்வதும் அங்கே ஒரே பட்டியலில் வருகின்றன. செய்தியின் சுருக்கம்: ‘ஒழுங்காக நட, இல்லையென்றால் போ’.

இங்கே கவனிக்க வேண்டியது ஒரு சிறிய சொல் மாற்றம். ‘ஹெவோன்’ என்பதன் உறவுச்சொல் ‘பழக்கம்’. ருட்டே முழக்கமாக எடுத்தது ‘நொர்மால்’. அது விதியை, அளவுகோலைச் சார்ந்த சொல். பேச்சில் இரண்டும் ஒன்றுக்கொன்று மாறிவரும். ஆனால் ‘மார்’ என்ற மென்மை போய், ‘போ’ என்ற மிரட்டல் வந்தவுடன் அது பக்கத்து வீட்டுக்காரனின் கேலி இல்லை, அரசாங்கத்தின் நிபந்தனை. தொந்தரவு செய்வது குற்றம், அதற்குச் சட்டம் இருக்கிறது. இனவாதம் என்று முறையிடுவது குற்றமா? இரண்டையும் ஒரே வரியில் வைத்ததுதான் கடிதத்தின் சூட்சுமம் என்று நினைக்கிறேன். மார்ச் 15 தேர்தலில் அவருடைய கட்சி 33 ஆசனங்களோடு முதலிடம் பிடித்தது. கடிதம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.

கம்பளையில் வளர்ந்த எனக்கு இந்த இரண்டாவது முகம் புதிதில்லை. 77ஐயும் 83ஐயும் கண்ட எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்னது, ‘இருக்கிற இடம் தெரியாம இரு’. பஸ்ஸில் ஏறினால் தமிழில் சத்தமாகப் பேசாதே, பொட்டைச் சின்னதாக வை, யாரும் கேட்டால் சிங்களத்தில் பதில் சொல். வெளியிலிருந்து பார்த்தால் அடக்கம் போலத்தான் இருக்கும். உண்மையில் அது பயம். ஒல்லாந்தரின் சொல் உன் பெருமையைக் குறை என்கிறது. எங்கள் சொல் உன் அடையாளத்தைக் குறை என்றது. ருட்டேயின் கடிதம் முதலாவதில் தொடங்கி இரண்டாவதில் போய் நிற்கிறது.

இங்கிருந்து கணவனிடமோ மனைவியிடமோ நெதர்லாந்து போக விரும்புகிறவர், புறப்படும் முன்பே ஒரு குடியேற்றப் பரீட்சை எழுத வேண்டும். 2006 முதல் இந்த நடைமுறை இருக்கிறது. டச்சு மொழியோடு அந்தச் சமூகத்தின் வழக்கங்களையும் கேட்பார்கள். படித்துத் தேறலாம், அதில் இழிவு எதுவும் இல்லை. வட்டக் கதிரையில் உட்கார்ந்து, பிறந்தநாள் கொண்டாடுபவருக்கு மட்டுமல்லாமல் அவருடைய அம்மாவுக்கும் அண்ணனுக்கும் சேர்த்து வாழ்த்துச் சொல்வதும் அந்த வழக்கங்களில் ஒன்று. பொட்டோடு போய்ச் சொன்னாலும் அது வாழ்த்துத்தான்.