கடிகாரம் பின்னோக்கி ஓடினால்: ஸ்னோஃபிளேக் எண்களின் தனித்துவம் குறித்து

ட்விட்டர் 2010இல் தன் பதிவுகளை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்திலிருந்து கசாண்ட்ராவுக்கு மாற்றத் திட்டமிட்டது. கசாண்ட்ராவில் எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டித் தரும் பொது எண்ணி இல்லை. ஆகவே ஒவ்வொரு சர்வரும் யாரையும் கேட்காமல் தானே எண் வழங்கும் ஸ்னோஃபிளேக் முறை உருவானது. 64 பிட் எண்ணில் முதல் பிட் பயன்படுவதில்லை. அடுத்த 41 பிட்டுகள் 2010 நவம்பரில் வைத்த தொடக்கப் புள்ளியிலிருந்து கடந்த மில்லிநொடிகளையும், 10 பிட்டுகள் பொறி எண்ணையும், 12 பிட்டுகள் அந்த மில்லிநொடிக்குள்ளான வரிசையையும் தாங்குகின்றன.

```
id = ((t - 1288834974657) << 22) | (worker << 12) | seq
```

2022இல் வெளியான ஒரு பதிவின் எண் 1541815603606036480. இதை 2இன் 22ஆம் அடுக்கால் வகுத்தால் ஈவு 367597485448. தொடக்கப் புள்ளியுடன் கூட்டினால் 2022 ஜூன் 28, உலக நேரம் 16:07:40.105. மீதி 1548288. அதை 4096ஆல் வகுத்தால் மிச்சமின்றி 378 வருகிறது. அதாவது 378ஆம் பொறி அந்த மில்லிநொடியில் வழங்கிய முதல் எண் இது, வரிசை 0.

இம்முறைக்கு ஒருங்கிணைப்பே தேவையில்லை என்று சொல்வதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. எண்கள் மோதாதிருக்க இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்: ஒரே பொறி எண் ஒரே சமயத்தில் இருவரிடம் இருக்கக் கூடாது; அந்தப் பொறி எண்ணின் கடிகாரம் ஒருமுறை காட்டிய மில்லிநொடியை மறுபடி காட்டக் கூடாது. முதலாவதை ஸூகீப்பர் பார்த்துக்கொள்கிறது. நிரல் தொடங்கும்போது பொறி எண் அங்கேதான் பதிவாகிறது. இரண்டாவது நிபந்தனைதான் பலவீனமானது.

நிரல் கடைசியாகக் கண்ட நேரத்தை நினைவகத்தில் வைத்திருக்கிறது. கடிகாரம் அதற்கும் பின்னே போனால் எண் தர மறுக்கிறது. சரியான முடிவுதான். ஆனால் ஒரு சர்வரின் கடிகாரம் 5 நொடி முந்தி ஓடுவதாகக் கொள்வோம். உண்மையான நேரம் 10:00:00 ஆகும்போது அது 10:00:05 வரைக்குமான எண்களை வழங்கிவிட்டிருக்கும். நேரம் ஒத்திசைக்கும் ntpd, பிழை 128 மில்லிநொடியைத் தாண்டியிருந்தால், இயல்பாக அதை ஒரே தாவலில் திருத்தும். கடிகாரம் 10:00:00க்குத் திரும்புகிறது. நிரல் மறுக்கத் தொடங்குகிறது. பிழைகள் குவிவதைக் கண்ட கண்காணிப்பு மென்பொருள் நிரலை நிறுத்தி மீண்டும் தொடங்குகிறது. 10:00:02க்கு எழும் நிரலின் நினைவகம் வெறுமையாக இருக்கிறது. அது 10:00:02 முதல் 10:00:05 வரை ஏற்கெனவே செலவான மில்லிநொடிகளை மறுபடி செலவிடும். ஒவ்வொரு மில்லிநொடியிலும் வரிசை 0இல் தொடங்குவதால், பழைய ஓட்டமும் புதிய ஓட்டமும் எண் வழங்கிய ஒவ்வொரு மில்லிநொடியிலும் மோதல் உறுதி. பழுதைக் குணப்படுத்த வந்த மறுதொடக்கமே பாதுகாப்பான மறுப்பை மோதலாக்கிவிடுகிறது.

தொடங்கும்போது மற்றச் சர்வர்களின் சராசரி நேரத்தோடு தன் நேரத்தை ஒப்பிட்டு, வேறுபாடு 10 நொடிக்கு மேல் என்றால் நின்றுவிடும் சோதனை ட்விட்டரின் நிரலில் இருந்தது. அது இங்கே உதவாது. திருத்தப்பட்ட கடிகாரம் இப்போது சரியாகவே இருக்கிறது. தவறு கடந்த காலத்தில் நிகழ்ந்தது. மோதல் கண்ணில் படுமா என்பது சேமிப்பிடத்தைப் பொறுத்தது. முதன்மைத் திறவுகோலுள்ள மைஎஸ்க்யூஎல் அட்டவணை இரண்டாவது பதிவை நிராகரித்துப் பிழை காட்டும். கசாண்ட்ராவோ, வழக்கமான எழுத்தில், ஒரே திறவுகோலில் வரும் புதிய பதிவைப் பழையதன் மேல் சத்தமின்றி எழுதிவிடும்.

இதற்குத் தீர்வு உண்டு. 'இந்த நேரம் வரை எண் வழங்குவேன்' என்ற எல்லையைச் சில நொடிகள் முன்னதாகவே நிலையான இடத்தில் எழுதி வைக்கலாம். மறுதொடக்கத்தில் கடிகாரம் அந்த எல்லையைக் கடக்கும் வரை காத்திருக்கலாம். எல்லை 3 நொடி என்றால் 3 நொடிக்கொரு எழுத்துதான் செலவு. மேற்கண்ட நிகழ்வில் நிரல் அதிகபட்சம் 10:00:08 வரை பொறுக்க வேண்டியிருக்கும். ஆனால் எல்லையைச் சர்வரின் வட்டில் எழுதினால் போதாது. 378 என்ற பொறி எண் நாளை வேறு சர்வருக்குப் போகலாம். எல்லையும் அதனுடன் போக வேண்டும். எனவே அது ஸூகீப்பரில், பொறி எண்ணின் பக்கத்திலேயே இருப்பது நல்லது. எண்ணுக்கு எண் கேட்பதை ஒழித்த முறை, சில நொடிகளுக்கு ஒருமுறை கேட்பதைத் தவிர்க்க முடிவதில்லை.

எண்களின் கால வரிசையைப் பொறுத்தவரை, கடிகாரப் பிழையால் வரும் இழப்பு சிறியது. ஒரு சர்வர் 30 மில்லிநொடி முந்தி ஓடினால், அது எண்ணிட்ட பதிவுக்கு 10 மில்லிநொடி கழித்து வேறொரு சர்வரில் எண் பெறும் பதில் சிறிய எண்ணைப் பெறக்கூடும். கடைசியாகக் கண்ட எண்ணுக்கு மேற்பட்டவற்றை மட்டும் கேட்கும் செயலி அந்தப் பதிலைத் தவறவிடும். சற்றுப் பின்சென்று மறுபடி வாசித்தால் சரியாகிவிடும்.

2024 மே மாதம் ஆர்எஃப்சி 9562 தரப்படுத்திய யூயூஐடி ஏழாம் வகை இதே சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. 128 பிட்டில் 48 பிட்டுகள் மில்லிநொடி நேரத்துக்கு. வகைக் குறிகள் போக எஞ்சும் 74 பிட்டுகளையும் தற்போக்கு எண்ணால் நிரப்பலாம். பொறி எண் இல்லை. நொடிக்கு 10 லட்சம் எண்கள் சீராக வழங்கினாலும், ஓராண்டில் ஒரு மோதலாவது நேரும் வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. இங்கும் கடிகாரம் பின்னே போகும். அப்போது கால வரிசைதான் குலையும், பதிவு அழியாது. ஆகவே பொறி எண்ணையும் நேர எல்லையையும் சேர்த்துக் காக்க இயலாத அமைப்புகள் கூடுதல் 8 பைட்டைக் கொடுத்து ஏழாம் வகையைத் தேர்வதே முறை என்பது என் நிலைப்பாடு.