குஜிலியம்பாறை வரை வந்த ரோலிகார்ட்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் சாலையில் இருக்கிற குஜிலியம்பாறையில், பல வருடங்களுக்கு முன் மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவின் கேமரா இது. தையல் விட்டுப்போன தோலுறை, இரண்டு கண் போல மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். ரசீதோ உத்தரவாத அட்டையோ எதுவும் மிஞ்சவில்லை. "தாத்தா வாங்கின ஜெர்மன் கேமரா" என்பதற்கு மேல் வீட்டாருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. இது எந்த வருடத்துக் கேமரா, சேகரிப்பாளர் யாராவது விரும்பி வாங்குவார்களா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. இரண்டுக்குமான பதில் கேமராவிலேயே மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலில் உடலின் எண். மேல் லென்ஸுக்கு மேலே ரோலிகார்ட் என்ற பெயர்ப்பட்டை இருக்கிறது. அதன் மேல்விளிம்பில் அடித்திருக்கும் எண் 15 லட்சத்து 31 ஆயிரத்துச் சொச்சம். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் இருந்த பிராங்கே - ஹைடெக்கே தொழிற்சாலை, 15,00,000 முதல் 15,83,999 வரையான எண்களை ரோலிகார்ட் ஐந்தாம் மாடலுக்குக் கொடுத்தது. அந்த மாடல் 1954 முதல் 1957 வரை வெளிவந்தது. நம் எண் வரிசையின் முன்பாதியில் விழுவதால், 1955ஐ ஒட்டிச் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். மாதம், தேதி வரை போவது வீண் வேலை. எண்களைக் கட்டுக்கட்டாக ஒதுக்குவார்களே தவிர, நாள்வாரியாக அல்ல.

எண்ணை மட்டும் நம்பி எந்தப் பழைய கேமராவுக்கும் வயது சொல்லக் கூடாது. எண்ணைப் போலியாகப் பொறிக்கலாம். சோவியத் நாட்டு ஃபெட், சோர்க்கி கேமராக்களின் மேல்மூடியில் லைக்கா என்று பொறித்து, போர்க்கால ஜெர்மன் முத்திரையும் போட்டு விற்பது இன்றைக்கும் நடக்கிறது. அதனால் எண் சொன்னதை ஷட்டரிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதில் இருப்பது மியூனிக்கில் டெக்கல் நிறுவனம் செய்த சிங்க்ரோ-காம்பூர். வேகங்கள் 1, 2, 4, 8, 15, 30, 60, 125, 250, 500 என்று ஏறக்குறைய இரட்டித்துக்கொண்டே போகின்றன. அதற்கு முந்தைய காம்பூர்களில் 1, 2, 5, 10, 25, 50, 100, 250, 500 என்று இருக்கும். ஐம்பதுகளின் நடுவில்தான் துளையையும் வேகத்தையும் ஒரே ஒளி எண்ணில் பூட்டிவைக்கும் முறை வந்தது. அதற்கு ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல இரண்டு மடங்காக இருந்தாக வேண்டும். ஐந்தாம் மாடல் அந்த முறையோடு வந்தது. முந்தைய நான்காம் மாடலில் இல்லாத செல்ஃப் டைமரும் இதில் உண்டு. ஃபோகஸ் திருகு வலப்பக்கம் இருக்கிறது. அடுத்து வந்த மாடலில் அதை இடப்பக்கம் மாற்றிவிட்டார்கள். ஆக, ஷட்டரும் திருகும் எண் சொன்ன வருடங்களையே சொல்கின்றன.

அதே திருகில் தூரங்கள் அடியில் பொறித்திருக்கின்றன, மீட்டரில் அல்ல. ஐரோப்பியக் கடைகளுக்குப் போனவை மீட்டரில் இருக்கும். அப்படியானால் இது தொடக்கத்திலேயே அடிக்கணக்குப் புழங்கிய நாடுகளுக்கென்று அனுப்பியது. அன்று இந்தியாவும் அப்படிப்பட்ட நாடுதான். மெட்ரிக் அளவைச் சட்டமே 1956இல்தான் வந்தது.

கீழ் லென்ஸில்தான் கதை மாறுகிறது. அது ஷ்னைடர் நிறுவனத்தின் ஜெனார், 75 மில்லிமீட்டர், எஃப் 3.5. நான்கு கண்ணாடிகளில் இரண்டு ஒட்டியிருப்பதால் காற்றைத் தொடும் பரப்புகள் ஆறு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் விழும் வெளிச்சத்தில் நாலைந்து சதவீதத்தைத் திருப்பியடிக்கும். ஆறு பரப்பிலும் அது சேர்ந்தால் படம் வெளுத்துப்போகும். மக்னீசியம் ஃபுளோரைடை மெல்லிய ஒற்றைப் படலமாகப் பூசினால் அந்த இழப்பு ஒன்றரை சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். போருக்குப் பிறகு இந்தப் பூச்சு பரவலாக வந்தது. பல படலப் பூச்சு சந்தையில் பரவியது எழுபதுகளில்தான்.

பார்க்கும் முறை எளிது. டியூப்லைட்டின் கீழ் லென்ஸைச் சற்றே சாய்த்துப் பிடித்தால், உள்ளே சின்னச் சின்ன டியூப்லைட் பிம்பங்கள் வரிசையாகத் தெரியும். அவை வெள்ளையாக இருந்தால் பூச்சில்லை. நீலமோ ஊதாவோ தேன்நிறமோ கலந்திருந்தால் ஒற்றைப் பூச்சு. நடுவில் பளிச்சென்று பச்சை தெரிந்தால் பெரும்பாலும் பிற்காலத்துப் பல படலப் பூச்சு. நம் ஜெனாரில் ஊதாவும் தேன்நிறமும் தெரிகின்றன. ஐம்பதுகளின் லென்ஸுக்கு அது பொருந்துகிறது.

ஆனால் முன்வளையத்தில் உள்ள எண் 60 லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. ஷ்னைடரின் எண் வரிசையில் 40 லட்சம் 1954 கடைசியிலும், 50 லட்சம் 1957 தொடக்கத்திலும், 60 லட்சம் 1959 நடுவிலும் வந்தன. லென்ஸ் உடலைவிட ஒரு வருடம் மூத்ததாக இருக்கலாம். செய்து வைத்த லென்ஸ் கிடங்கில் காத்திருக்கும். உடலுக்குப் பின்னால் பிறந்த லென்ஸ் தொழிற்சாலையில் அதில் ஏறியிருக்க முடியாது. எனவே 1959க்குப் பிறகு எப்போதோ, ஒரு மெக்கானிக் இதன் முன்பகுதியை மாற்றியிருக்கிறார்.

மாற்றியது வளையத்தை மட்டுமா, கண்ணாடியையும் சேர்த்தா? பூச்சு அதற்கும் பதில் சொல்கிறது. அக்காலப் பூச்சு மென்மையானது. ஸ்டுடியோவில் வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்து, முன்கண்ணாடியில் மயிரிழைக் கீறல்கள் வலை போலப் பரவியிருக்கும். இந்தக் கேமராவின் ஓரங்களில் கறுப்புச் சாயம் போய் உலோகம் தெரிகிறது. ஃப்ளாஷ் ஒயர் செருகும் துளை தேய்ந்து லூசாகிவிட்டது. அவ்வளவு உழைத்த கேமராவில் முன்கண்ணாடி மட்டும் கீறலில்லாமல் இருக்கிறது. ஷட்டரைத் திறந்துவைத்து டார்ச் அடித்தால் பின்கண்ணாடியில் கீறல்கள் தெரிகின்றன. கண்ணாடியும் மாறியிருக்கிறது என்றே முடிவு செய்தேன்.

ஒரே வகை லென்ஸ் என்றாலும், ஒன்றின் முன்பாதியை இன்னொன்றின் பின்பாதியோடு சேர்த்தால் கூர்மை விலகக்கூடும். பின்கதவைத் திறந்து, பிலிம் ஓடும் சட்டத்தில் டிரேசிங் பேப்பரை இழுத்து ஒட்டி, ஷட்டரை பல்ப் நிலையிலும் துளையை முழுக்கவும் திறந்துவைத்து, வாசலுக்கு எதிரே உள்ள மின்கம்பத்தைப் பார்த்தேன். மேலே தெளிவாகத் தெரியும்போது கீழேயும் தெளிவாகவே விழுந்தது. மாற்றியவர் கவனமாக ஃபோகஸ் சேர்த்திருக்கிறார்.

ஷட்டரில் 125, 60 இரண்டும் சுத்தமாக அடிக்கின்றன. ஒரு வினாடியில் வைத்தால் இழுத்துக்கொண்டே போய்ப் பாதியில் நின்றுவிடுகிறது. மெதுவேகப் பற்சக்கரங்களில் கிரீஸ் காய்ந்திருப்பதற்கு அது அடையாளம். இந்தப் பக்கத்து வறண்ட வெயில் கிரீஸைக் காயவைக்கும் என்றாலும், கடற்கரை ஊர்களின் கேமராக்களைக் கெடுக்கும் பூஞ்சையிலிருந்து லென்ஸைக் காப்பாற்றியிருக்கிறது. செல்ஃப் டைமரை நான் தொடவில்லை. பழைய காம்பூரில் அது நடுவழியில் சிக்கினால் ஷட்டரே பூட்டிக்கொள்ளும்.

சேகரிப்பாளர் ஆர்வம் இதற்குக் குறைவுதான். ரோலிகார்ட் வரிசையில் அவர்கள் தேடுவது, 1933இல் வந்த, முகப்பில் உலோகத் தகட்டுச் சித்திரவேலை உள்ள முதல் மாடலை. ரோலிஃபிளெக்ஸ் என்றால் டெலி, வைட் போன்ற அரிய வகைகளை. ஐந்தாம் மாடல் நிறையவே விற்றது. இதில் லென்ஸும் அசல் இல்லை. காட்சிக்கு வைப்பவர் அதற்காக விலையைக் குறைப்பார். 120 பிலிம் போட்டுப் படம் எடுக்க நினைப்பவருக்கோ கீறலில்லாத முன்கண்ணாடி நல்ல செய்தி. விற்பதானால் அவரிடம்தான் விற்க வேண்டும், லென்ஸ் மாறிய விஷயத்தை முதலிலேயே சொல்லி.

வீட்டாரிடம் இன்னொன்றும் சொன்னேன். அந்த ஸ்டுடியோவின் நெகட்டிவ்கள் பரணில் இன்னும் இருந்தால், கேமராவை விட அவைதான் முக்கியம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகத்துப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடி ஆவணப்படுத்தியிருக்கிறது. கேமராவை மெதுவேகங்களைச் சுத்தம் செய்யக் கொடுக்கட்டும்; பரணை அதற்கு முன்பே பார்த்துவிடட்டும்.