சூலகச் சுழற்சி: ஜி.என்.ஆர்.எச். துடிப்பும் எல்.எச். எழுச்சியும்

மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில், கருமுட்டை வெளிப்படுவதற்கு ஒன்றரை நாள் முன்பாக, பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். எனப்படும் லூட்டினைசிங் ஹார்மோனைத் திடீரெனப் பெருமளவில் கொட்டுகிறது. இந்த எழுச்சிக்கான நாளைக் குறிப்பது யார்? மூளை என்பதே பலரும் சொல்லும் விடை. எலியில் அது பெருமளவு உண்மைதான். மனிதரிலும் ரீசஸ் குரங்கிலும் கிடைத்த சான்றுகளோ வேறு பக்கம் கைகாட்டுகின்றன. அங்கே மூளை தருவது விடாத ஒரு துடிப்பு மட்டுமே. நாளைக் குறிப்பது, சூலகத்தில் முதிர்ந்துவரும் ஃபாலிக்கிள் என்னும் முட்டைப்பை.

ஹைப்போதலாமஸில் உள்ள சில ஆயிரம் நரம்புச் செல்கள் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை உண்டாக்குகின்றன. பத்தே அமினோ அமிலங்கள் கொண்ட சிறு மூலக்கூறு இது. இதன் அமைப்பை 1971-இல் கண்டறிந்த ஷாலியும் கியெமினும் 1977-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்த ஹார்மோன் தனி ரத்த நாளங்கள் வழியாக நேரே பிட்யூட்டரிக்குப் போய், எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஆகிய இரண்டையும் சுரக்கவைக்கிறது. ரத்தத்தில் சில நிமிடங்களே தாங்குவதாலும் பொது ரத்த ஓட்டத்தில் வெகுவாக நீர்த்துப்போவதாலும், கையில் எடுக்கும் ரத்தத்தில் இதை அளந்து பயனில்லை. ஆகவே ஆய்வாளர்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்து எல்.எச். அளவைப் பார்க்கிறார்கள். எல்.எச். ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் மூளையிலிருந்து ஒரு துடிப்பு வந்துபோயிருக்கிறது என்று கொள்கிறார்கள். பெண்ணின் சுழற்சியின் முற்பாதியில் இத்தகைய துடிப்பு ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு ஒரு முறை வருகிறது. எழுச்சி நெருங்கும்போது மணிக்கு ஒன்று என்ற வேகத்தை எட்டுகிறது. பிற்பாதியில் புரோஜெஸ்டிரோன் அதைத் தணித்து, பல மணி நேரத்துக்கு ஒன்று என்றாக்கிவிடுகிறது.

துடிப்பு ஏன் தேவை என்பதை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் எர்னஸ்ட் நோபிலின் குழு 1978-இல் காட்டியது. ரீசஸ் குரங்குகளின் ஹைப்போதலாமஸில், துடிப்பை எழுப்பும் வளைவு உட்கரு என்ற பகுதியை அவர்கள் அழித்தார்கள். எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் வற்றின. பின் கருவி ஒன்றை வைத்து மணிக்கு ஒரு தடவை, நிமிடத்துக்கு ஒரு மைக்ரோகிராம் வீதம் ஆறு நிமிடம் ஜி.என்.ஆர்.எச். செலுத்தியபோது இரண்டும் மீண்டன. அதே ஹார்மோனை இடைவெளியில்லாமல் செலுத்தியபோது, மீண்டிருந்த சுரப்பும் படுத்துவிட்டது. ஓயாத தூண்டலில் பிட்யூட்டரி செல்களின் ஏற்பிகள் குறைந்து, அவை மரத்துப்போகின்றன. நீடித்துச் செயல்படும் லூப்ரோலைடு போன்ற மருந்துகள் சூலகத்தை அடக்குவது இந்த வழியில்தான்.

இனி ஃபாலிக்கிளின் பங்கு. முந்தைய சுழற்சியின் கார்பஸ் லூட்டியம் சுருங்கும்போது புரோஜெஸ்டிரோன், எஸ்ட்ரடையால், இன்ஹிபின் மூன்றும் இறங்குகின்றன. அடக்கி வைத்தவை விலகியதும் எஃப்.எஸ்.எச். சற்றே உயர்கிறது. அந்தச் சிறு உயர்வில் ஒரு கூட்டம் ஃபாலிக்கிள்கள் வளரத் தொடங்குகின்றன. அவற்றுள் சற்று முந்திய ஒன்று எஸ்ட்ரடையாலையும் இன்ஹிபினையும் கூடுதலாகச் சுரக்க, அவை எஃப்.எஸ்.எச்.-ஐ மறுபடி இறக்குகின்றன. மற்றவை அந்தப் பற்றாக்குறையில் நலிந்து அழிகின்றன. முந்தியதோ எஃப்.எஸ்.எச்.-க்கு அதிக உணர்வு கொண்டது. அதோடு அதன் உட்செல்களில் எல்.எச். ஏற்பிகளும் முளைத்திருக்கும் என்பதால், தானே உண்டாக்கிய வறட்சியில் அது மட்டும் பிழைக்கிறது. ஒரு சுழற்சியில் பெரும்பாலும் ஒரே முட்டை வெளிவருவதன் காரணம், மேலிருந்து வரும் உத்தரவு அல்ல, இந்தப் போட்டிதான்.

அந்த ஃபாலிக்கிள் பெருக்கப் பெருக்க எஸ்ட்ரடையாலும் ஏறுகிறது. குறைந்த அளவில் எல்.எச்.-ஐ அடக்கி வைக்கும் இந்த ஹார்மோன், ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 200 பிக்கோகிராம் அளவில் இரண்டு நாள் போல நீடித்தால், நேர்மாறாக எல்.எச். எழுச்சியைக் கிளப்புகிறது. அளவு எட்டினால் மட்டும் போதாது, நீடிக்கவும் வேண்டும். அப்படி நீடித்துச் சுரக்க முதிர்ந்த ஃபாலிக்கிளால்தான் முடியும். முட்டை ஆயத்தம் என்ற செய்தி அந்த நீடிப்பிலேயே அடங்கியிருக்கிறது.

இந்தத் திருப்பம் மூளையில் நிகழ்ந்ததா, பிட்யூட்டரியிலா? 1980-இல் நோபில் குழு வெளியிட்ட முடிவு இங்கே முக்கியமானது. வளைவு உட்கரு அழிக்கப்பட்டு, சூலகம் அப்படியே இருந்த குரங்குகளுக்கு மணிக்கு ஒரு துடிப்பு என்று, வேகமோ அளவோ மாறாமல், கருவி செலுத்திக்கொண்டே இருந்தது. ஃபாலிக்கிள் வளர்ந்தது, எஸ்ட்ரடையால் ஏறியது, எல்.எச். எழுச்சி வந்தது, முட்டை வெளிப்பட்டது, கார்பஸ் லூட்டியம் உருவாகிச் சுருங்கியது. கருவிக்கு நாள் தெரியாது. ஆனாலும் சுழற்சி நடந்தது. பருவமடையாத குட்டிக் குரங்குகளிலும் இதே துடிப்பு முட்டை வெளிப்படும் சுழற்சிகளைத் தொடக்கி வைத்தது. துடிப்பை நிறுத்தியதும் அவை பழைய நிலைக்குத் திரும்பின. சூலகம் நீக்கப்பட்ட குரங்குகளுக்கு எஸ்ட்ரடையாலை மட்டும் வெளியிலிருந்து கொடுத்தபோதும், அதே மாறாத துடிப்பின் கீழ் எல்.எச். முதலில் இறங்கி, பின் பாய்ந்து ஏறியது. துடிப்பு மாறாதபோது மாறியது பிட்யூட்டரியின் உணர்திறன் என்றே கொள்ள வேண்டும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது எளிதில் தள்ளக்கூடியதல்ல. 1950-இல் எவரெட்டும் சாயரும், எலிக்கு எழுச்சி நாளின் பிற்பகலில் இரண்டு மணி முதல் நான்கு மணி வரையிலான வேளைக்கு முன் மயக்கமருந்து கொடுத்தால் முட்டை வெளிப்படுவது சரியாக ஒரு நாள் தள்ளிப்போவதைக் கண்டார்கள். அங்கே மூளையின் நாள்கடிகாரம் கட்டாயம் பங்கெடுக்கிறது. செம்மறியாட்டில் பிட்யூட்டரிக்குப் போகும் ரத்தத்திலேயே ஜி.என்.ஆர்.எச். வெள்ளமெனப் பெருகுவதை நேரடியாக அளந்திருக்கிறார்கள். ஜி.என்.ஆர்.எச். செல்களில் எஸ்ட்ரஜனின் முதன்மையான ஆல்ஃபா ஏற்பி இல்லாததால், செய்தியை அவற்றுக்குக் கொண்டுபோவது கிஸ்பெப்டின் சுரக்கும் செல்கள் என்பதும் தெரிந்திருக்கிறது. ஆனால் இவை காட்டுவது, மூளைவழிப் பெருக்கம் சில இனங்களில் இன்றியமையாதது என்பதையே. குரங்கிலும் பெண்ணிலும் மூளை தன் பங்குக்குச் சற்றுக் கூட்டலாம். கூட்டாவிட்டாலும் எழுச்சி வரும் என்பதே குரங்குச் சோதனை நிறுவியது. ஆனால் துடிப்பே நின்றால் எதுவும் வராது. கடும் உடல் மெலிவிலும் அளவுமீறிய உடற்பயிற்சியிலும் மாதவிடாய் நிற்பது இதனால்தான். அத்தகைய பெண்களில் சிலருக்கு, ஒன்றரை மணிக்கு ஒரு முறை ஜி.என்.ஆர்.எச். செலுத்தும் சிறு பம்பைப் பொருத்தி முட்டையை வெளிப்படச் செய்ய முடிகிறது.

சோதனைக்குழாய்க் கருத்தரிப்புச் சிகிச்சையில் ஃபாலிக்கிள், துடிப்பு ஆகிய இரண்டின் பங்கும் ஒருசேரத் தெரிகின்றன. எஃப்.எஸ்.எச். ஊசியால் பத்துப் பன்னிரண்டு ஃபாலிக்கிள்கள் ஒன்றாக வளரும்போது, ஒவ்வொன்றும் சிறிதாக இருக்கையிலேயே அவற்றின் எஸ்ட்ரடையால் கூடி வரம்பைத் தாண்டிவிடுகிறது. பிட்யூட்டரி எண்ணுவது ஹார்மோனை, முதிர்ந்த முட்டைகளை அல்ல. ஆகவே எழுச்சி அகாலத்தில் வந்து, முட்டைகளை எடுக்கும் முன்பே காரியத்தைக் கெடுக்கலாம். மருத்துவர்கள் செட்ரோரெலிக்ஸ் போன்ற தடுப்பு மருந்தால் பிட்யூட்டரியின் ஜி.என்.ஆர்.எச். ஏற்பியை அடைக்கிறார்கள். எஸ்ட்ரடையால் எவ்வளவு ஏறினாலும் எழுச்சி வருவதில்லை. பிறகு போதிய ஃபாலிக்கிள்கள் முதிர்ந்ததை அல்ட்ராசவுண்டில் பார்த்து, எழுச்சிக்குப் பதிலாக எச்.சி.ஜி. ஊசி போட்டு, ஏறத்தாழ 36 மணி நேரம் கழித்து முட்டைகளை எடுக்கிறார்கள்.