புகைப்படத்தில் ஒளியைப் படித்தறிதல்

எடுத்து முடித்த புகைப்படம் ஒன்றில் புதிதாக ஓர் ஆளையோ பொருளையோ சேர்க்கும் முன், அதில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, கடினமானதா மென்மையானதா, என்ன நிறம் கொண்டது என்று கண்டறியும் வேலை இது. மூன்று கேள்விகளுக்கும் விடை பெரும்பாலும் நிழலிலேயே இருக்கிறது. வெயில் பட்ட இடத்தில் பொருளின் சொந்த நிறமும் வெளிச்சத்தின் நிறமும் கலந்து கிடக்கும். அதே பரப்பின் நிழல் பகுதியை அருகில் வைத்துப் பார்த்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும்.

காலமான தாத்தாவைக் குடும்பப் படத்தில் நிற்க வைத்துத் தரும்படி ஸ்டூடியோக்களில் கேட்பதுண்டு. அதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு ஒரு மீட்டர் முன்னால், சிவப்பு சிமென்டுத் தரையில் குடும்பம் நிற்கிறது. மாலை வெயில் படமெடுத்தவரின் இடத் தோளுக்குப் பின்னாலிருந்து வருகிறது. நிழல்கள் வலப்புறமாகச் சாய்ந்து தரையில் ஓடிச் சுவரில் ஏறுகின்றன.

முதலில் திசை. நாற்காலி முதுகின் மூலை, சிறுவனின் முழங்கை போன்று தெளிவாகத் தெரியும் புள்ளிகள் சிலவற்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலிருந்தும் அதன் நிழற்புள்ளிக்குக் கோடு இழுத்து நீட்ட வேண்டும். வெயிலில் எடுத்த படமானால், எந்தப் பரப்பில் நிழல் விழுந்திருந்தாலும், எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் கூடும். சூரியன் கேமராவுக்கு எதிரில் இருந்தால் அந்தப் புள்ளி சூரியன் இருக்கும் இடம். நம் படத்தைப் போல் பின்னால் இருந்தால் புள்ளி தொடுவானத்துக்குக் கீழே அமையும். கேமரா லென்ஸின் நிழல் விழக்கூடிய இடம் அது. படமெடுத்தவரின் தலை நிழல் சட்டத்துக்குள் வந்திருந்தால் புள்ளி அதன் அருகிலேயே இருக்கும். இங்கே அது வலக் கீழ்ப்புறத்தில் சட்டத்துக்கு வெளியே விழுவதால், கேன்வாஸைப் பெரிதாக்கிக்கொண்டுதான் வரைய முடியும்.

இந்தப் புள்ளி கிடைத்துவிட்டால் தாத்தாவின் நிழலை ஊகிக்க வேண்டியதில்லை. கேமரா சாயாமல் இருந்திருந்தால், புள்ளிக்கு நேர்மேலே தொடுவானத்தில் உள்ள இடத்தை நோக்கித்தான் தரை நிழல்கள் எல்லாம் ஓடும். தாத்தாவின் பாதத்திலிருந்து அந்த இடத்தை நோக்கிக் கோடிட்டால், அது சுவரின் அடியைத் தொடும். அங்கிருந்து நிழல் செங்குத்தாக ஏறும். அவர் உச்சந்தலையிலிருந்து முதற்புள்ளிக்கு இழுத்த கோடு அதை எங்கே வெட்டுகிறதோ அங்கே தலை நிழல் முடியும். வெயில் 35 பாகை உயரத்திலிருந்து, சுவருக்கு நேராக வராமல் 30 பாகை சாய்ந்து வந்தால், 1.6 மீட்டர் உயரமுள்ளவரின் தலை நிழல் சுவரில் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் உயரத்தில், அவருக்கு அரை மீட்டருக்குச் சற்று அதிகமாக வலப்பக்கம் தள்ளி விழும். நிழலின் நீளத்தைப் படத்தில் நேரடியாக அளந்து கணக்கிடக் கூடாது; கேமராவின் கோணம் தரையில் உள்ள நீளங்களைக் குறுக்கிக் காட்டும்.

கண்ணை மட்டும் நம்பாமல் கோடு வரையச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே காட்சியில் வெளிச்சத்தின் திசை முரண்பட்டாலும் மனிதக் கண் அதை எளிதில் பிடிப்பதில்லை என்று ஆஸ்ட்ரோவ்ஸ்கி, கவனா, சின்ஹா ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எரிக் கீ, ஜேம்ஸ் ஓபிரையன், ஹானி ஃபரீத் மூவரும் 2013இல், போலிப் படங்களைக் கண்டறிய இதே நிழற்கோட்டு முறையை விரிவாக வகுத்தார்கள். சேர்ப்பவருக்கும் சோதிப்பவருக்கும் கருவி ஒன்றுதான்.

அடுத்தது வெளிச்சத்தின் கடினத்தன்மை. வெளிச்சத்தின் மூலம் எவ்வளவு சிறிதாகத் தெரிகிறதோ, நிழலின் ஓரம் அவ்வளவு கூர்மையாக இருக்கும். வானத்தில் சூரியனின் அகலம் சுமார் அரைப் பாகை. ஆகவே நிழலை உண்டாக்கும் ஓரத்துக்கும் நிழல் விழும் பரப்புக்கும் இடையே ஒரு மீட்டர் தூரமிருந்தால், புறநிழல் எனப்படும் மங்கிய விளிம்பு கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் அகலம் கொள்ளும். நம் படத்தில் தலைக்கும் அதன் நிழலுக்கும் இடையே சுமார் 1.4 மீட்டர் தூரம், விளிம்பு 1.3 சென்டிமீட்டர் அளவுக்கு மங்கும். அது தலையின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் செருப்போரத்தில் நிழல் கத்தி வெட்டியதுபோல் இருக்க வேண்டும். பாதம் முதல் தலை வரை ஒரே அளவில் மங்கலாக்கிய நிழலைப் பார்த்ததும், அதில் நிற்பவர் தரையை விட்டுச் சற்று மிதப்பதாகத் தோன்றுவது இதனால்தான். ஒட்டு வேலை தன்னைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்.

நிறத்தைப் பொறுத்தவரை ‘வெள்ளை எது’ என்று தேடுவது வழி தவறச் செய்யும். சுண்ணாம்பிலும் வேட்டியிலும் நீலம் போட்டிருப்பார்கள். கேமராவின் ஒயிட் பேலன்ஸ் தன் பங்குக்கு நிறத்தை மாற்றியிருக்கும். நம்பத்தக்கது விகிதம். ஒரே சுவரில் வெயில் பட்ட இடத்தையும் பக்கத்து நிழலையும் ஐடிராப்பரால் தொட்டுப் பார்க்கிறோம். வெயிலில் சிவப்பு 232, பச்சை 226, நீலம் 210. நிழலில் 108, 116, 128 என்று வருவதாகக் கொள்வோம். நிழலில் சிவப்பு அதிகம் இறங்கியிருக்கிறது, நீலம் குறைவாக. சூரியன் மறைக்கப்பட்ட இடத்துக்கு பெரும்பாலும் நீல வானத்தின் வெளிச்சமே வருவதால் ஏற்படும் வேறுபாடு அது.

நிழல் எண்ணை வெயில் எண்ணால் வகுத்து 255ஆல் பெருக்கினால் 119, 131, 155 கிடைக்கும். இந்தச் சாம்பல் நீலத்தை மல்டிப்ளை லேயரில் நிரப்பி, முன்பு வரைந்த வடிவுக்குள் வைத்தால், தாத்தாவின் நிழல் மற்றவர்கள் நிழலோடு ஒன்றிவிடும். விகிதம் சுவருக்குச் சொந்தமல்ல, வெளிச்சத்துக்குச் சொந்தம். ஆகவே சிவப்புத் தரையிலும் இதே எண்கள் ஏறத்தாழப் பொருந்தும். கேமராவின் கான்ட்ராஸ்ட் மாற்றத்தால் வரும் சிறு பிசகைத் தரையில் ஏற்கெனவே விழுந்துள்ள நிழலோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். வெயில் பட்ட சுவர் 255ஐத் தொட்டு வெளுத்திருந்தால் மட்டும் கணக்கு பொய்க்கும். அப்போது வேறு பரப்பைத் தேட வேண்டும். புதிய நிழல் பழைய நிழலின்மேல் ஏறும் இடத்தில் லேயரை அழித்துவிட வேண்டும். ஒரே சூரியனை இருமுறை மறைக்க முடியாது. அங்கே இருமடங்கு கறுத்தால் உடனே தெரியும்.

இவ்வளவும் முடிந்த பின்தான் தாத்தாவின் பழைய படத்தைத் தேர்ந்தெடுக்கலாம். திண்ணை நிழலில் எடுத்த, மென்மையான வெளிச்சமுள்ள படம் கிடைத்தால் நல்லது. மூக்கின் நிழலையும் தாடைக்கடியில் விழும் நிழலையும் அதே விகிதத்தில் வரைந்து சேர்க்கலாம். சிவப்புத் தரையிலிருந்து எழும் செம்மையை வேட்டியின் கீழ்ப்பகுதியில் லேசாகப் பூசலாம். வெயிலில் எடுத்த படமானால், முகத்தில் ஏற்கெனவே பதிந்த நிழலை அழிப்பது மிகக் கடினம். வெயில் எதிர்ப்பக்கமிருந்து வந்திருந்தால் சிலர் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிடுகிறார்கள். சட்டைப் பை வலப்பக்கம் போய்விடும், மச்சமும் வகிடும் இடம் மாறும். பாட்டி பார்த்ததும் இது அவர் இல்லை என்பார்.