மெழுகு வார்ப்பு நகையும் கைவேலை நகையும்

மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவது மெழுகு வார்ப்பு. மொகஞ்சதாரோவின் நடன மங்கை இப்படி வார்த்ததுதான். 12ஆம் நூற்றாண்டின் மானசோல்லாசம் இம்முறையை விளக்குகிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் இதைக் கையாள்கிறார்கள். சிலையை எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும். எனவே ஒவ்வொரு சிலைக்கும் மெழுகுருவைப் புதிதாகவே செய்ய வேண்டியிருந்தது. அந்நாளில் வார்ப்பு என்பது மலிவு வழி அன்று.

கைவேலையில் ஆசாரியும் தங்கத்தை உருக்கித்தான் தொடங்குகிறார். ஆனால் உருக்கிய கட்டியை அப்படியே விடுவதில்லை. தட்டி, உருளையில் கொடுத்துத் தகடாக்குகிறார். அச்சுத் துளையில் இழுத்துக் கம்பியாக்குகிறார். பிறகு வெட்டி, வளைத்து, பொடி வைத்து ஊதி ஒட்டுகிறார். கட்டிக்குள் இருந்த நுண்துளைகள் அந்த அழுத்தத்தில் பெரும்பாலும் மூடிக்கொள்கின்றன, உலோகமும் இறுகுகிறது.

நகைத் தொழிலை மாற்றியது ஒரு பல் மருத்துவர். அமெரிக்காவின் வில்லியம் டேகர்ட் 1907இல், பல்லில் பதிக்கும் தங்கத்தை அழுத்தம் கொடுத்து நுட்பமாக வார்த்துக் காட்டினார். அடுத்து வந்த ரப்பர் அச்சு விலையையே மாற்றியது. ஒரே மாதிரியிலிருந்து நூற்றுக்கணக்கான மெழுகுருக்களை எடுத்து, மரக்கிளைபோல் ஒரு தண்டில் ஒட்டி, ஒரே ஊற்றில் வார்க்க முடிந்தது. தோகர் ஜங்கர்சன் இம்முறைக்குப் பெற்ற காப்புரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1949இல் செல்லாது என்றது. கைவேலையில் ஒவ்வொரு மோதிரத்திற்கும் ஆகும் கூலி, வார்ப்பில் முதல் மாதிரிக்கே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மலிவது செய்கூலிதான், தங்கத்தின் விலை கிராமுக்கு அதேதான்.

வார்த்த நகை, அச்சுக்குள் உறைந்தபடியே நின்றுவிடுகிறது. தங்கம் உறையும்போது ஏறத்தாழ 5 விழுக்காடு சுருங்கும். கல் பதிக்கும் தடித்த தலையுள்ள மோதிரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உலோகம் நுழையும் காம்பு மெலிதாக இருந்தால் அதுவே முதலில் உறைந்து வழியை அடைத்துவிடும். உள்ளே இன்னும் உருகிய நிலையில் இருக்கும் தலை சுருங்கும்போது, அந்தக் குறையை நிரப்ப உலோகம் வராது, துளை விழும். காம்பைத் தடித்த பகுதியிலேயே, போதிய பருமனில் வைப்பதுதான் தீர்வு. துளை விழ வாயுவும் காரணமாகலாம். உலோகத்தை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் அதை ஊற்றும் அச்சிலுள்ள ஜிப்சம் சிதைந்து கந்தக வாயு வெளிப்படும். அது உறையும் தங்கத்தில் கொப்புளமாகச் சிக்கும்.

மேற்பரப்பு பளபளப்பாகவே இருக்கலாம். மெருகிடத் தேய்க்கும்போதோ, சில ஆண்டு அணிந்து தேய்ந்த பிறகோ ஊசிக்குத்துப் புள்ளிகள் தெரியவரும். துளையுள்ள கல்பிடி நகம் வளையாமல் ஒடியும். ஆனாலும் துளை என்பது வெற்றிடம். அதற்கு எடை இல்லாததால் தங்கத்தின் அளவில் வாங்குபவர் ஏமாறுவதில்லை, இழப்பது உறுதியைத்தான். கவனமாக வார்த்த நகையில் இக்குறை மிகக் குறைவு. 916 முத்திரை தங்கத்தின் தூய்மையை மட்டுமே சொல்லும், துளையைச் சொல்லாது. ஆகவே வாங்கும்போது உருப்பெருக்கிக் கண்ணாடியில் மோதிரத்தின் உட்புறத்தையும் கல்பிடியின் அடியையும் பாருங்கள்.