ஆபீஸ் இணையத்தில் வங்கி, மருத்துவத் தளங்களைத் திறந்தால் நிறுவனம் பார்க்க முடியுமா? எங்கே கோடு போட வேண்டும்?

மதிய உணவு இடைவேளை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒருவர் தன் ரத்தப் பரிசோதனை முடிவை டவுன்லோட் செய்கிறார். பக்கத்து சீட்டில் இருப்பவர் வீட்டுக் கடன் தவணை கட்ட நெட்பேங்கிங்கில் நுழைகிறார். இரண்டு பேரின் திரையிலும் முகவரி https என்றுதான் தொடங்குகிறது. 'அப்புறம் என்ன, நடுவுல யாரும் பார்க்க முடியாதே' என்று இருவரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

நிறுவனம் கொடுத்த கம்ப்யூட்டரில் இது எப்போதும் உண்மையில்லை. பல நிறுவனங்கள், ஊழியர்களின் இணையப் போக்குவரத்தை ப்ராக்ஸி எனப்படும் இடைநிலை சர்வர் வழியாக அனுப்புகின்றன. அந்த ப்ராக்ஸி குறியாக்கத்தைப் பிரித்து உள்ளே பார்க்கும்படி அமைக்கப்பட்டிருந்தால், பாஸ்வேர்டும் பரிசோதனை முடிவும் ஒரு கணம் அங்கே வெட்டவெளிச்சமாக இருக்கும். எதைப் பிரிப்பது, எதைத் தொடாமல் விடுவது என்ற முடிவு ஒரு சிறிய பட்டியலில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது, எங்கே தவறுகிறது?

குறியாக்கத்தை ப்ராக்ஸி எப்படிப் பிரிக்கிறது?

வழக்கமாக பிரவுசரும் வங்கியின் சர்வரும் நேரடியாகப் பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும். ஆய்வு செய்யும் ப்ராக்ஸி இதை இரண்டாக வெட்டுகிறது. பிரவுசரிடம் 'நான்தான் வங்கி' என்கிறது. வங்கியிடம் 'நான்தான் பிரவுசர்' என்கிறது. நடுவில் எல்லாம் சாதாரண எழுத்தாகக் கிடைக்கும்.

பிரவுசர் இதை ஏன் நம்புகிறது? நிறுவனத்தின் ஐ.டி. பிரிவு, தனது சொந்த மூலச் சான்றிதழை ஒவ்வொரு ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் முன்பே ஏற்றி வைத்திருக்கும். ப்ராக்ஸி அந்தந்த நேரத்தில் தயாரிக்கும் போலிச் சான்றிதழுக்கு அதுதான் கையெழுத்து போடுகிறது. உங்கள் சொந்த போனில் அந்தச் சான்றிதழ் இல்லையென்றால், அதே ஆபீஸ் வைஃபையில் உங்களுக்கு எச்சரிக்கைதான் வரும்.

இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். குரோமில் முகவரிக்கு இடது பக்கம் உள்ள ஐகானை அழுத்தி, Connection is secure, அடுத்து Certificate is valid என்பதற்குள் போங்கள். Issued By என்ற இடத்தில் பொதுவான சான்றிதழ் நிறுவனத்தின் பெயர் இருந்தால் இணைப்பு பிரிக்கப்படவில்லை. அங்கே உங்கள் நிறுவனத்தின் பெயரோ ஃபயர்வால் தயாரிப்பின் பெயரோ இருந்தால், அந்தத் தளம் பிரிக்கப்படுகிறது.

எதற்காகப் பார்க்கிறார்கள்?

காரணம் இல்லாமல் இல்லை. தீங்கு செய்யும் மென்பொருளும் இன்று https வழியாகத்தான் வருகிறது. நிறுவனத்தின் ஆவணங்களை யாராவது கோப்புப் பகிர்வுத் தளத்துக்கு ஏற்றினால் அதுவும் https-இல்தான் போகிறது. பிரிக்காத ப்ராக்ஸிக்கு இவை இரண்டும் மூடிய பெட்டிகள்.

எனவே ஒரு தளத்தை ஆய்வு செய்யலாமா என்பதற்கு இரண்டு கேள்விகள் போதும். அங்கிருந்து ஆபத்தான கோப்பு உள்ளே வரவோ, நிறுவனத் தரவு வெளியே போகவோ வாய்ப்பு இருக்கிறதா? அங்கே நடப்பது நிறுவனத்துக்குத் தெரியத் தேவையில்லாத, தெரிந்தால் ஊழியருக்குக் கேடு தரும் விஷயமா? சமீபத்தில் பதிவான, யாரென்று தெரியாத தளங்களும் கோப்புப் பகிர்வுத் தளங்களும் முதல் கேள்விக்கு 'ஆம்', இரண்டாவதற்குப் பெரும்பாலும் 'இல்லை'. வங்கியும் மருத்துவமும் நேர் எதிர்.

வங்கியும் மருத்துவமும் ஏன் தனி?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த விதிகளே பாஸ்வேர்ட், வங்கிக் கணக்கு மற்றும் கார்டு விவரங்கள், உடல்நிலை, மருத்துவப் பதிவுகள் ஆகியவற்றை நுண்ணிய தனிப்பட்ட தரவு என்று வரிசைப்படுத்தின. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-வது பிரிவு, வேலை தொடர்பான நோக்கங்களுக்காகவும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும் ஊழியரின் தரவைக் கையாள இடம் தருகிறது. ஆனால் கையில் இருக்கும் தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் அதே சட்டம் வகை செய்கிறது.

நடைமுறையில் ஆபத்து எங்கே? பதிவேட்டில். ஒரு பரிசோதனைக் கூடம், முடிவைப் பார்க்க நீளமான ஒரு லிங்க்கை எஸ்.எம்.எஸ்-இல் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்திருப்பவர் பாஸ்வேர்ட் இல்லாமலே முடிவைத் திறக்கலாம். இணைப்பைப் பிரிக்காமல் விட்டால் ப்ராக்ஸியின் பதிவேட்டில் முதல் வரி மட்டும் விழும். பிரித்தால் இரண்டாவது வரியும் விழும்:

```
CONNECT lab.example.com:443
GET https://lab.example.com/report?id=48213&key=9f3c
```

இரண்டாவது வரியைப் பார்க்கும் எந்த ஐ.டி. ஊழியரும் அதை காப்பி செய்து திறந்துவிட முடியும். செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். யாரும் கெட்ட எண்ணத்தோடு பார்க்காவிட்டாலும், அந்த லிங்க் ஆறு மாதம் அங்கேயே கிடக்கும்.

முடிவு எந்த நொடியில் எடுக்கப்படுகிறது?

பிரவுசர் இணைப்பைத் தொடங்கும் முதல் செய்தியிலேயே, தான் போக வேண்டிய தளத்தின் பெயரைப் பொதுவாகத் திறந்த எழுத்தில் சொல்கிறது. இதை எஸ்.என்.ஐ. என்பார்கள். ப்ராக்ஸி அந்தப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, பட்டியலில் இருந்தால் இணைப்பை அப்படியே கடந்துபோக விடுகிறது. இல்லையென்றால் பிரிக்கிறது. ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டு 'அடடா, இது ஆஸ்பத்திரியா' என்று பின்வாங்க வழியில்லை.

பரவலாகப் பயன்படும் ஸ்க்விட் ப்ராக்ஸியில் இந்த முடிவு இவ்வளவுதான்:

```
acl step1 at_step SslBump1
acl thodathe ssl::server_name .bank.in
acl thodathe ssl::server_name .abdm.gov.in
ssl_bump peek step1
ssl_bump splice thodathe
ssl_bump bump all
```

peek என்றால் பெயரை எட்டிப் பார், splice என்றால் தொடாமல் விடு, bump என்றால் பிரி. thodathe என்பது பட்டியலுக்கு நாம் வைத்த பெயர். வரிகளின் வரிசை முக்கியம். bump வரி மேலே போய்விட்டால் விலக்கு வரிக்கு வேலையே இருக்காது.

வங்கிகளுக்கு இப்போது எளிதான வழி

முன்பு வங்கிகளின் முகவரிகள் .com, .co.in, .in என்று சிதறிக் கிடந்தன. பட்டியலைக் கையால்தான் சேர்க்க வேண்டும். 2025-இல் ரிசர்வ் வங்கி, எல்லா வங்கிகளும் அக்டோபர் 31-க்குள் .bank.in முகவரிக்கு மாற உத்தரவிட்டது. ஹைதராபாத்தில் உள்ள ஐ.டி.ஆர்.பி.டி. நிறுவனம் மட்டுமே இந்த முகவரிகளைப் பதிவு செய்து தர முடியும். வேறு யாரும் வாங்க முடியாத பெயர் என்பதால், ஒரே வரியில் எல்லா வங்கிகளையும் விலக்க முடிகிறது.

இதில் இரண்டு தவறுகள் நடக்கும். முதலாவது, சோம்பேறித்தனமாக 'bank என்ற சொல் எங்கே வந்தாலும் விடு' என்று எழுதுவது. அப்போது பெயரில் bank என்று வைத்திருக்கும் மோசடித் தளமும் ஆய்வில்லாமல் நுழையும். நாம் எதைத் தடுக்க ப்ராக்ஸி வைத்தோமோ, அதற்கே கதவைத் திறந்துவிட்டதாகிவிடும். பெயரின் கடைசிப் பகுதியை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, வங்கியோடு நிறுத்திக்கொள்வது. கார்டில் பணம் கட்டும்போது கடைத் தளத்திலிருந்து பேமென்ட் கேட்வேக்கும், அங்கிருந்து ஓ.டி.பி. பக்கத்துக்கும் போகிறோம். அந்த ஓ.டி.பி. பக்கம் வங்கிக்காக வேறு நிறுவனம் நடத்தும் முகவரியில் இருக்கலாம். காப்பீடு, மியூச்சுவல் ஃபண்ட் தளங்களும் .bank.in-க்குள் வராது. இதற்கு ஒரே வழி, சிறிய தொகைக்கு ஒரு பரிவர்த்தனையை முழுவதும் செய்து, அப்போது பதிவேட்டில் விழும் பெயர்களைப் பார்த்துப் பட்டியலில் சேர்ப்பதுதான். மாதச் சம்பளம் போடும் கணக்குப் பிரிவினர் பயன்படுத்தும் தளத்தையும் இப்படியே சோதிக்க வேண்டும்.

மருத்துவத் தளங்கள்தான் சிக்கல்

மருத்துவத்துக்கு .bank.in போல ஒரு பொதுப் பெயர் இல்லை. அரசுத் தளங்கள் எளிது. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் abdm.gov.in, தொலைமருத்துவத்துக்கான esanjeevani.mohfw.gov.in, அரசு மருத்துவமனை முன்பதிவுக்கான ors.gov.in ஆகியவற்றை நேரடியாகச் சேர்க்கலாம். தனியார் மருத்துவமனை, லேப், மருந்துக் கடை, மனநல ஆலோசனைத் தளங்கள் எண்ணிலடங்காதவை.

ப்ராக்ஸி தயாரிப்பாளர்கள் தரும் 'ஹெல்த்' என்ற வகைப்பட்டியல் உதவும். ஆனால் சிறிய ஊரில் உள்ள லேப் அதில் இருக்காது. பட்டியலில் இல்லாததைப் பிரி என்பதுதான் விதி என்றால், அந்த லேப்புக்குப் போன ஊழியர் மட்டும் அகப்படுவார். ஊழியர்கள் காரணம் சொல்லாமல், பெயர் வெளிவராமல் ஒரு முகவரியை விலக்கக் கேட்க வழி இருந்தால் இந்த ஓட்டை சிறிதாகும். இன்னும் பாதுகாப்பான வழி, பிரிக்கும் தளங்களிலும் முழு முகவரியைப் பதிவு செய்யாமல், கேள்விக்குறிக்குப் பிறகு வருவதை வெட்டிவிடுவது. மேலே சொன்ன லிங்க்கில் சாவி அங்கேதான் இருந்தது.

விலக்கினால் எல்லாம் மறைந்துவிடுமா?

இல்லை. தளத்தின் பெயரும் போன நேரமும் பதிவேட்டில் இருக்கும். கருத்தரிப்பு மையத்தின் பெயர் மூன்று மாதமாக ஒருவரின் கணக்கில் வந்தால், உள்ளே என்ன எழுதியிருந்தது என்று தெரியத் தேவையே இல்லை. எனவே அந்தப் பதிவேட்டை யார் பார்க்கலாம் என்பதும் அதே முடிவின் ஒரு பகுதி. மேலாளருக்குப் போகும் அறிக்கையில் இந்த வகைகள் வரவே கூடாது.

மறுபக்கத்தில் நிறுவனத்துக்கும் ஒரு இழப்பு உண்டு. முதல் செய்தியில் வரும் பெயர், அனுப்புபவர் சொல்வதுதான். தீங்கு மென்பொருள் வங்கியின் பெயரைப் பொய்யாகச் சொல்லி வேறு சர்வருக்குப் போக முடியும். இதற்காக வங்கிகளைப் பிரிக்கத் தொடங்கக் கூடாது. கம்ப்யூட்டரிலேயே இயங்கும் பாதுகாப்பு மென்பொருள்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

பிரிக்கும் தளங்களில் ஒரு சோதனை

பிரிக்கும்போது அசல் தளத்தின் சான்றிதழைச் சரிபார்க்கும் பொறுப்பு பிரவுசரிடமிருந்து ப்ராக்ஸிக்குப் போய்விடுகிறது. ப்ராக்ஸி அசட்டையாக இருந்தால், காலாவதியான சான்றிதழ் கொண்ட தளமும் ஊழியரின் திரையில் பத்திரமானதாகத் தெரியும். அமெரிக்காவின் யு.எஸ்.-செர்ட் அமைப்பு 2017 மார்ச்சில் இது குறித்து எச்சரித்தது.

சோதிப்பது எளிது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் expired.badssl.com, self-signed.badssl.com ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். எச்சரிக்கையோ தடுப்புப் பக்கமோ வந்தால் சரி. பக்கம் சாதாரணமாகத் திறந்தால், அதைச் சரிசெய்யும்வரை அந்த ப்ராக்ஸியில் எதையுமே பிரிக்கக் கூடாது.

ஊழியர் என்ன செய்யலாம்?

உங்கள் வங்கியையும் மருத்துவமனையையும் திறந்து, Issued By வரியைப் பாருங்கள். அங்கே நிறுவனத்தின் பெயர் இருந்தால், அந்த முகவரியை விலக்கச் சொல்லி ஐ.டி. பிரிவுக்கு எழுதுங்கள். அதுவரை அந்த வேலையைச் சொந்த போனில், மொபைல் டேட்டாவில் முடித்துக்கொள்வது நல்லது.