குரோஷே ஆடைகள்

குரோஷே ஆடை என்பது முனையில் கொக்கியுள்ள ஒற்றை ஊசியால், நூலை வளையத்துக்குள் வளையமாக இழுத்துக் கையாலேயே பின்னப்படும் ஆடை. ஸ்வெட்டர், காலுறை போன்ற பின்னலாடைகளோடு இதைச் சேர்த்தே பேசுவது வழக்கம். இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றுதான், உருவாகும் விதம் வேறு.

ஸ்வெட்டர் பின்னுபவரின் ஊசியில் ஒரு வரிசைக்குரிய அத்தனை வளையங்களும் திறந்தபடியே காத்திருக்கும். நூறு வளையங்கள் இருந்தால் நூறும் அடுத்த வரிசை வந்து பிடித்துக்கொள்ளும்வரை உயிரோடு நிற்கும். அவற்றில் ஒன்று நழுவினால் கீழே பல வரிசைகள் வரை ஏணிப்படி போலப் பிரிந்துகொண்டே போகும். குரோஷேயில் எந்த நேரத்திலும் ஊசியில் திறந்திருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வளையம். ஒவ்வொரு தையலும் முடிச்சிட்டதுபோல முழுமை பெற்ற பிறகே அடுத்தது தொடங்கும். கடைசி வளையத்துக்குள் நூலை இழுத்து அறுத்துவிட்டால் வேலை அங்கேயே முடிந்தது. இந்த ஆடைகளின் மற்ற குணங்கள் பெரும்பாலும் இந்த ஒற்றை வளையத்திலிருந்தே பிறக்கின்றன.

வரிசையாக நிற்கும் வளையங்களை இயந்திரம் ஒரே வீச்சில் பின்னிவிடும். இங்கிலாந்தின் வில்லியம் லீ 1589-இல் காலுறை பின்னும் சட்டத்தை உருவாக்கினார். இன்று திருப்பூரில் ஓடும் பின்னல் இயந்திரங்களும் அந்த வழி வந்தவைதான். குரோஷே ஊசியோ ஒவ்வொரு தையலுக்கும் திசை மாறி, முடிந்த பின்னலின் எந்த இடத்துக்குள்ளும் நுழைந்து நூலை இழுக்க வேண்டும். அதை அப்படியே செய்யும் இயந்திரம் தொழிற்சாலைகளுக்கு இன்னும் வரவில்லை.

வரலாறு நீண்டதல்ல. 1800-க்கு முன் ஐரோப்பாவில் இந்தக் கலை இருந்ததற்கு உறுதியான சான்று இல்லை என்பது டேனிஷ் ஆய்வாளர் லிஸ் பலூடன் வந்த முடிவு. இந்தியாவின் ஆரி வேலையைப் போல, சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் கொக்கியால் சங்கிலித் தையல் இடும் டாம்பூர் வேலை 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவியது. துணியை நீக்கிவிட்டு, அதே சங்கிலியை வெறும் நூலிலேயே இட்டபோது குரோஷே பிறந்தது என்று பலர் கருதுகிறார்கள். அச்சில் வந்த மாதிரிகளில் இதுவரை தெரிந்த மிகப் பழையவை 1823-இல் பெனலோப்பே என்னும் டச்சு இதழில் வந்தவை.

ஆடை என்ற அளவுக்கு இக்கலையை உயர்த்தியது அயர்லாந்து. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது கார்க் பகுதிக் கன்னிமாடங்களில் பெண்களுக்குக் குரோஷே கற்றுத் தரப்பட்டது. 1847-இல் மொனஹன் மாவட்டத்தின் குளோனஸ் ஊரில், பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் இதைப் பசி தீர்க்கும் தொழிலாகவே நிறுவினார். வெனிஸின் விலையுயர்ந்த ஊசி லேஸைப் போலத் தோன்றும், ஆனால் அதைவிட மிக விரைவில் முடியும் லேஸ் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அதற்கு அவர்கள் கண்ட வழி மோட்டிஃப்.

ரோஜா, மூவிலை, இலை என ஒவ்வொரு உருவமும் தனித்துண்டாகப் பின்னப்படும். ரோஜாவுக்கு முதலில் நடுவில் ஒரு வளையம், அதைச் சுற்றி ஆறு சங்கிலி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்குள்ளும் குட்டைத் தையலில் தொடங்கி, நடுவில் நெட்டைத் தையல் இட்டு, மீண்டும் குட்டையில் முடித்தால் ஓர் இதழ் கிடைக்கும். பின்பக்கமாக இன்னும் நீளமான வளைவுகள் இட்டு அடுத்த அடுக்கு இதழ்கள் எழும். விளிம்பு எழுந்து நிற்க, தடித்த நூலொன்றை உள்ளே வைத்து அதன்மேல் பின்னுவார்கள். ஒரு வீட்டில் ஒரே வகைப் பூவை மட்டும் செய்தால் போதும். சேர்ந்த துண்டுகளை வேறொருவர் வரைபடத் துணியில் முகம் கீழாக வைத்துத் தைத்து, இடைவெளிகளைச் சங்கிலியும் குளோனஸ் முடிச்சும் கொண்ட வலையால் நிரப்புவார். பிறகு துணியோடு பிணைத்த தையலை வெட்டினால் முழு ஆடையும் பிரிந்து வரும். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இப்படி உருவான கோட்டுகள் பாரிஸிலும் நியூயார்க்கிலும் விற்றன.

வலை அழகுக்காக மட்டும் வந்ததல்ல. தையலுக்குத் தையல் நூல் சுற்றப்படுவதால் இடைவெளியின்றிப் பின்னிய குரோஷே தடிமனாகும். பின்னலாடை போல நீண்டு சுருங்காது, நூலும் கூடுதலாக இழுக்கும். அதை அப்படியே சட்டையாக்கினால் தோளில் பலகை போல நிற்கும். மெல்லிய நூலும் சற்றுப் பெரிய ஊசியும் எடுத்து, சங்கிலிகளால் துளைவிட்டுப் பின்னும்போதுதான் உடலோடு படிந்து விழும். பருத்தி நூலென்றால் மறுபக்கமும் உண்டு: தன் எடையாலேயே ஆடை கீழிறங்கும். அதனால் மாதிரித் துண்டை நனைத்து, தொங்கவிட்டு அளந்த பிறகே ஆடையின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும்.

மோட்டிஃபுகளில் எளியதும் பரவலானதும் கிரானி சதுரம். மீந்த நூல்களை வீணாக்காமல் பின்னும் வழியாக இது வளர்ந்தது. தெரிந்தவரை இதன் முதல் அச்சு மாதிரி 1885-இல் பிரெய்ரி ஃபார்மர் என்னும் அமெரிக்க விவசாய இதழில் வந்தது. நடு வளையத்துக்குள் மும்மூன்று நெட்டைத் தையல்கள் கொண்ட நான்கு கொத்துகள், அவற்றுக்கிடையே மூலைச் சங்கிலிகள். அடுத்த சுற்றுகள் தையலின் தலையில் அல்ல, இடைவெளிக்குள் போடப்படும். சுற்றுக்கொரு முறை ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கொத்து கூடும். மூலையில் சங்கிலி விடுபட்டால் சதுரம் கிண்ணமாகக் குவியும், அதிகமானால் விளிம்பு அலையடிக்கும். எப்போதும் ஒரே முகத்தில் சுற்றிவந்தால் சதுரம் லேசாக ஒரு பக்கம் முறுகும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் திருப்பிப் பின்னினால் இது நேராகும்.

சதுரங்களால் ஆடை செய்யும்போது அளவு தாவித் தாவித்தான் மாறும். மார்பளவு 90 செ.மீ. உள்ளவருக்கு 6 செ.மீ. தளர்வு சேர்த்து 96 என்று கொண்டால், 12 செ.மீ. சதுரங்கள் எட்டு போதும், முன்னால் நான்கு, பின்னால் நான்கு. 102 செ.மீ. உள்ளவருக்கு 108 வேண்டும். ஒரு சதுரத்தைக் கூட்டினால் முன்னும் பின்னும் சமமாகாது. எல்லாச் சதுரங்களிலும் ஒரு சுற்று கூட்டினால் ஏறக்குறைய 14 செ.மீ. ஆகி, சுற்றளவு 112-ஐத் தொடும். இரு அக்குளுக்குக் கீழும் 6 செ.மீ. அகலத்தில் சாதாரணப் பட்டை ஒன்று பின்னிச் சேர்ப்பதே சிறந்த தீர்வு. ஐந்து நிறச் சதுரமொன்றில் பத்து நூல் முனைகள் மிஞ்சும். நான்கு வரிசை உடல் பகுதிக்கு 32 சதுரங்கள் என்றால் 320 முனைகள். இவற்றைப் பின்பக்கத் தையல்களுக்குள் ஊசியால் கோத்து மறைக்காவிட்டால் சில சலவைகளில் நடு வளையமே திறந்துவிடும்.

1970-களில் கிரானி சதுர மேலாடைகள் இளைஞர்களின் உடையாயின. 2020-இல் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் அணிந்த ஜே.டபிள்யூ. ஆண்டர்சன் கார்டிகன் மீண்டும் அந்த மோகத்தைக் கிளப்பியது. பலர் அதைக் குரோஷேயில் பின்னிப் பார்த்தார்கள். ஆனால் லண்டனின் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகம் சேகரித்த அந்த ஆடையின் சதுரங்கள் இரு ஊசிப் பின்னலில் ஆனவை. நடுவிலிருந்து விரியாமல் கீழிருந்து மேலாக வரிசையாக ஏறுவதைப் பார்த்தாலே இது தெரியும்.

இந்தியாவில் இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர் ஆந்திரத்தின் நரசாப்பூர். 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியே வந்த கலை அது. அங்குள்ள பெண்கள் வீட்டிலிருந்தபடியே பின்னி, மிகக் குறைந்த கூலி பெற்றதை மரியா மீஸ் 1982-இல் வெளியான நூலில் விரிவாகப் பதிவு செய்தார்.

கடையில் குரோஷே என்ற பெயரில் விற்கப்படும் மலிவான துளைத்துணி பெரும்பாலும் இயந்திரப் பின்னலே. துணியின் நீளவாக்கில் மெல்லிய சங்கிலிக் கோடுகள் இடைவிடாமல் ஓடினால் அது இயந்திரத்தின் வேலை. நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக விரிந்து, பின்பக்கத்தில் நிறம் மாறும் இடங்களில் நூல் முனைகள் கோத்து மறைக்கப்பட்டிருந்தால், அந்தச் சதுரம் எவ்வளவு மலிவாக விற்றாலும் யாரோ ஒருவர் கையால் பின்னியதுதான்.